ஏற்றிய தண்ணீர் இறங்காது: ஒரு ஃபுட் வால்வு ஸ்டால் உருவான விதம்

கும்பகோணத்துக்கும் வலங்கைமானுக்கும் நடுவில் ஒரு சிறிய பட்டறை இருக்கிறது. மோட்டாரின் உறிஞ்சு குழாயில் மாட்டும் வால்வுகளை அங்கே வார்க்கிறார்கள். குளம், வாய்க்கால், கிணற்றில் இறக்கும் சல்லடை வைத்த ஃபுட் வால்வு ஒரு வகை. மணற்பாங்கான நிலத்தில் ஆழமில்லாமல் இறக்கும் ஃபில்டர் பாயிண்ட் போரில் தரைக்கு மேலே, மோட்டாருக்குப் பக்கத்தில் மாட்டும் ஒருவழி வால்வு இன்னொரு வகை. இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். மோட்டார் நின்றதும் குழாயில் ஏறிய தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் பிடித்து வைப்பது.

தஞ்சாவூரில் நடந்த ஒரு வேளாண் கண்காட்சியில் இந்தப் பட்டறை இரண்டு வருடம் தொடர்ந்து ஸ்டால் போட்டது. முதல் வருடம் அவர்களே போட்டார்கள். இரண்டாவது வருடம் என்னைக் கூப்பிட்டார்கள். கண்காட்சி ஸ்டால் அமைப்பதுதான் என் தொழில். அந்த இரண்டாவது ஸ்டால் எப்படி உருவானது, எங்கே தப்பு நடந்தது, எது வேலை செய்தது என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதல் வருடத்து ஸ்டால்

முதலாளி தன் செல்போனில் இருந்த படங்களைக் காட்டினார். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர், மூன்று பக்கம் அடைத்த வழக்கமான ஸ்டால். பின்சுவர் முழுக்க ஒரே ஃப்ளெக்ஸ். அதில் பிள்ளையார் படம், அவருடைய அப்பாவின் படம், பதினான்கு சரக்கின் புகைப்படங்கள், இரண்டு முத்திரைகள், நடுவில் "தரமே எங்கள் தாரக மந்திரம்". முன்னால் குறுக்கே ஒரு மேசை, அதன் மேல் வால்வுகள் அளவு வாரியாக அடுக்கியிருந்தன. மேசைக்குப் பின்னால் இரண்டு பேர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆளுங்க வந்தாங்க தம்பி. ஆனா எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டாங்க. என்ன கம்பெனி சார் இது, மோட்டாரா, பைப்பான்னு. பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அடுத்த கடைக்குப் போயிடுவாங்க" என்றார்.

இந்த ஒரு தகவல் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. ஸ்டாலுக்குள் வருபவரின் முதல் வாக்கியம் "என்ன கம்பெனி" என்றால், சுவரில் எழுதியது எதுவும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. கூட்டத்தில் நடப்பவர் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் நகர்வார். மூன்று மீட்டர் முகப்பைக் கடக்க அவருக்கு மூன்று வினாடி. அதில் பாதி நேரம் எதிர்வரிசை ஸ்டாலைப் பார்ப்பார். பதினான்கு படங்களில் ஒன்றைக்கூட அடையாளம் காண அவருக்கு நேரம் கிடையாது. சேற்றுப் பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு சுவர் என்று மட்டும்தான் அது மனதில் பதியும்.

சொல்ல வேண்டியது எது

நிறம், எழுத்து, விளக்கு எல்லாம் அப்புறம். இந்தப் பட்டறை எந்த ஒன்றை வாக்குறுதியாகக் கொடுக்கிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. முதலாளியிடம் கேட்டால் வார்ப்பு, கடைசல், ரப்பர், முப்பது வருட அனுபவம் என்று சொல்லிக்கொண்டே போனார். எல்லாம் உண்மை. ஆனால் அவை அவர் பட்டறையில் நடப்பவை. வாங்குகிறவரின் கொல்லையில் என்ன நடக்கிறது என்பது அதில் இல்லை.

அதனால் பாபநாசம் பக்கம் ஒரு மோட்டார் மெக்கானிக்குடன் ஒரு நாள் சுற்றினேன். வால்வு கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் சொன்னது: "மும்முனை கரண்டு ராத்திரி வருதுன்னு வைங்க. போய் சுவிட்சைப் போட்டா மோட்டார் ஓடும், தண்ணி வராது. குழாய்த் தண்ணி இறங்கிப் போயிருக்கும். அப்புறம் குடத்தை எடுத்துக்கிட்டு வாய்க்காலுக்குப் போய் மொண்டு வந்து மோட்டார் தலையில ஊத்தணும். ஒரு குடமா ரெண்டு குடமா, அது நிரம்புற வரைக்கும். டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு ஊத்துவாங்க. அது வரைக்கும் தண்ணியில்லாம ஓடினா சீல் போயிடும். அப்பதான் எனக்கு போன் வரும்."

இங்கே விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். ஆனால் மும்முனை மின்சாரம் முறை வைத்து வருகிற நாட்களில் அந்த நேரத்துக்குள் இறைத்து முடித்தாக வேண்டும். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வாய்க்காலுக்கு வருவதற்கு முன்பே குறுவை நாற்று விடுகிறவர்கள் போரை நம்பித்தான் விடுகிறார்கள். அவர்களுக்கு அரை மணி நேரம் குடம் தூக்குவது அரை மணி நேரத் தண்ணீர் போன கணக்கு.

ஆக, இந்தப் பட்டறை விற்பது வால்வு என்றாலும், வாங்குகிறவர் வாங்குவது சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் வரும் என்ற நிம்மதியை. அதற்கு அடிப்படை, ஏறிய தண்ணீர் குழாயிலேயே நிற்பது. இதைத்தான் சொல்ல வேண்டும், இதை மட்டும்தான்.

மூன்று வாசகம், பன்னிரண்டு பேர்

வாசகத்தை உட்கார்ந்த இடத்திலிருந்து முடிவு செய்வது எனக்குப் பிடிக்காது. மூன்று மாதிரிப் படங்கள் செய்து செல்போனில் போட்டுக்கொண்டு, பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். விவசாயம் செய்கிற பன்னிரண்டு பேரிடம் ஒவ்வொரு படத்தையும் மூன்று வினாடி காட்டிவிட்டுத் திரையைத் திருப்பிக்கொள்வேன். இரண்டு கேள்வி. என்ன விக்கிறாங்க? அதைப் பத்தி என்ன சொல்றாங்க?

முதல் படம் "சுவிட்ச் போட்டதும் தண்ணீர்". எனக்கு மிகவும் பிடித்த வாசகம் இதுதான். ஆனால் கிட்டத்தட்ட எல்லோரும் "மோட்டார் கம்பெனி" என்றார்கள். வாசகம் நன்றாகத்தான் இருந்தது, அதன் பலன் மோட்டார்காரருக்குப் போனது. இரண்டாவது "இரவில் குடம் வேண்டாம்". இதைப் படித்துச் சிரித்தார்கள், ரசித்தார்கள். ஆனால் என்ன விற்கிறார்கள் என்ற கேள்விக்கு ஒருவர் வாட்டர் டேங்க் என்றார், ஒருவர் குடிநீர் வண்டி என்றார். மூன்றாவது "ஏற்றிய தண்ணீர் இறங்காது". இதற்கும் பதில்கள் சிதறின. நிலத்தடி நீர்மட்டத்தைப் பற்றிய விளம்பரம் என்று நினைத்தவர்கூட உண்டு.

அன்று சாயங்காலம் மூன்றுமே தோற்றுவிட்டதாகத்தான் நினைத்தேன். ஆனால் மூன்றாவது படத்தில் சரியாகச் சொன்ன நான்கு பேரின் பேச்சை நினைத்துப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. அவர்கள் வாசகத்தை மட்டும் படிக்கவில்லை, ஓரத்தில் நான் சும்மா வைத்திருந்த ஃபுட் வால்வுப் படத்தையும் பார்த்திருந்தார்கள். வாசகமும் பொருளும் சேர்ந்து கண்ணில் பட்டால் அர்த்தம் தெளிவாகிறது. அப்படியானால் வால்வு ஓரத்தில் இருக்கக் கூடாது. தண்ணீர் இறங்காமல் நிற்பதையே கண்ணெதிரே நிறுத்திவிட்டால் மூன்று வார்த்தை போதும்.

எட்டடிக் குழாய்

முடிவு செய்தது இதுதான். எட்டடி உயரத்துக்குக் கண்ணாடி மாதிரித் தெரியும் அக்ரிலிக் குழாய். அடியில் பட்டறையில் செய்த ஃபுட் வால்வு. குழாய் நிறையத் தண்ணீர். வால்வுக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி எதுவும் கிடையாது, ஒரு மரப்பலகை மட்டும். அதன் மேல் கண்காட்சி தொடங்கும் நாளின் செய்தித்தாள். சொட்டு விழுந்தால் தாள் நனையும்.

எட்டடி என்பதற்குக் காரணம் இருக்கிறது. முன்னால் நான்கு பேர் நின்றாலே இடுப்புக்குக் கீழே இருப்பதெல்லாம் மறைந்துவிடும். தலைக்கு மேலே ஓரளவு நீட்டிக்கொண்டிருந்தால்தான் தூரத்தில் வருபவருக்குத் தெரியும். அதே நேரம் இந்த மாதிரி ஸ்டால்களின் சுவர் இரண்டரை மீட்டர்தான். அதைத் தாண்டினால் நடத்துபவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். எட்டடி அந்த அளவுக்குள் சரியாக அடங்கியது. குழாயின் உள்விட்டம் ஏழு சென்டிமீட்டர், ஆகவே உள்ளே ஒன்பது லிட்டர் தண்ணீர், ஒன்பது கிலோ. அரங்கத் தரையில் துளை போட முடியாது. அதனால் இரும்புச் சட்டம் செய்து, அதன் காலில் மணல் மூட்டை வைத்துத் துணியால் மூடினோம். குழந்தைகள் பிடித்து ஆட்டினாலும் சாயக் கூடாது.

பட்டறையில் வைத்து ஒத்திகை பார்த்தோம். ராத்திரி நிரப்பிவிட்டுக் காலையில் வந்தால் மட்டம் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. முதலாளியின் முகம் சுருங்கிவிட்டது. "முப்பது வருசமா செய்யிறோம் தம்பி, இது எப்படி?" என்று வால்வைக் கழற்றப் போனார். நிறுத்தச் சொல்லிவிட்டு முதலில் கையால் தடவிப் பார்த்தோம். வால்வின் அடி காய்ந்திருந்தது. ஈரம் இருந்தது குழாயும் வால்வும் சேரும் இடத்தில், ரப்பர் உறைக்கு மேலே. அக்ரிலிக் விரிசல் விடும் என்று பயந்து கிளிப்பை இறுக்காமல் விட்டிருந்தார்கள். ஒரே கிளிப்பை இறுக்கினால் விரிசல் விடத்தான் செய்யும். உறையை நீளமாக வெட்டி இரண்டு கிளிப்பாகப் பிரித்துப் போட்டதும் ஒழுகல் நின்றது.

அதற்கும் பிறகு மட்டம் கொஞ்சம் இறங்கியது. இந்த முறை எங்கும் ஈரமே இல்லை. காரணம் காற்று. புதிதாக ஊற்றிய தண்ணீரில் குழாயின் உள்சுவரிலும் வால்வின் மூடி ஓரத்திலும் குமிழ்கள் ஒட்டியிருக்கும். அவை மெல்ல மேலே ஏறி வெளியேறும்போது அந்த அளவுக்கு மட்டம் தாழும். ஆகவே முந்தைய நாள் சாயங்காலமே நிரப்பி, குழாயை விரலால் தட்டிக் குமிழ்களை விரட்டி, காலையில் குறைந்ததை ஊற்றிய பிறகுதான் கோடு போட வேண்டும். இந்த வகைச் செயல்விளக்கம் வைப்பவர்கள் ஒத்திகை இல்லாமல் அரங்கத்தில் போய் முதன்முதலாக நிரப்பினால், இரண்டாம் நாள் காலையில் தங்கள் பொருளையே தாங்களே பொய்யாக்கியது போல் ஆகிவிடும்.

தண்ணீரைத் தண்ணீராகக் காட்டுவது

தெளிந்த தண்ணீர் தெளிந்த குழாயில் கண்ணுக்குத் தெரியாது. பத்தடியில் நின்று பார்த்தால் குழாய் காலியா நிறைவா என்றே சொல்ல முடியவில்லை. முதலில் நீலச் சாயம் கலந்தோம். பட்டறையின் கணக்கைப் பார்க்கும் முதலாளியின் மருமகள் பார்த்தவுடன் சொன்னார்: "பினாயில் மாதிரி இருக்கு மாமா." பச்சை கலந்தால் இன்னும் மோசம். வேளாண் கண்காட்சியில் பச்சைத் திரவம் என்றால் பூச்சிமருந்து என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். சாயத்தைக் கைவிட்டோம். விவசாயி நம்ப வேண்டியது அவர் குழாயில் ஏறும் அதே தண்ணீரை.

தீர்வு கொதிகலன் அறைகளில் இருந்து வந்தது. பாய்லரின் நீர்மட்டக் கண்ணாடிக்குப் பின்னால் சாய்வுக் கோடுகள் போட்டிருப்பார்கள். தண்ணீர் நிறைந்த உருளை ஒரு வில்லை மாதிரி வேலை செய்வதால், தண்ணீர் இருக்கும் பகுதியில் அந்தக் கோடுகள் எதிர்ப்பக்கம் சாய்ந்து தெரியும். காலியான பகுதியில் போட்டபடியே தெரியும். அதேபோல் குழாய்க்குப் பின்னால் வெள்ளைப் பட்டையில் தடித்த கருப்புச் சாய்வுக் கோடுகளை ஒட்டி, இரண்டு பக்கமும் எல்.இ.டி. பட்டை விளக்கு கொடுத்தோம். மட்டத்தில் ஒரு ஆரஞ்சுப் பந்து மிதக்கவிட்டோம். இப்போது தூரத்தில் இருந்தே தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று தெரிந்தது. நடந்து வருபவரின் பார்வைக் கோணம் மாற மாற அந்தக் கோடுகள் குழாய்க்குள் நெளியும். அந்த அசைவே தலையைத் திருப்ப வைத்தது. விளக்கின் மின்மாற்றிப் பெட்டியைச் சட்டத்தின் உச்சியில், தண்ணீர் படாத பக்கம் கட்டினோம். தண்ணீர் வைத்த ஸ்டாலில் மின்கம்பி தரையில் கிடக்கக் கூடாது.

பந்து நின்ற இடத்தில் சிவப்புக் கோடு. அதன் பக்கத்தில் ஒரு சிலேட்டு. அதில் சாக்பீஸில் "வெள்ளி காலை 9.10-க்குக் கோடு போட்டது". இதை அச்சடிக்கலாம் என்று முதலாளியின் மகன் சொன்னார், அழகாகவும் இருந்திருக்கும். ஆனால் அச்சடித்த நேரம் முன்கூட்டியே எழுதிய நேரமாகத்தான் தெரியும். கையால் எழுதியது அங்கே அப்போது எழுதியதாகத் தெரியும். உண்மையும் அதுதான்.

எழுத்தும் இடமும்

வாசகத்தை எங்கே வைப்பது என்பதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். மூன்று பக்கம் அடைத்த ஸ்டாலில் பின்சுவர் நேர் எதிரே வந்தால்தான் தெரியும். பாதையில் நடந்து வருபவருக்கு முதலில் தெரிவது தூரத்துப் பக்கச் சுவரின் உட்புறம். அவர் வருகிற பக்கத்துச் சுவர் அவருக்குத் தன் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். அரங்க நுழைவாயில் எங்கள் ஸ்டாலுக்கு இடப்பக்கம். ஆகவே வலப்பக்கச் சுவர்தான் முதலில் கண்ணில் படும். பலரும் அந்தச் சுவரில் விலைப்பட்டியல் ஒட்டிவிடுகிறார்கள். நாங்கள் அந்தச் சுவரிலும் பின்சுவரிலும் ஒரே வாசகத்தைப் போட்டோம். குழாயைப் பின்சுவரில் சாய்க்காமல், பாதையில் இருந்து ஒரே அடி உள்ளே தள்ளி, அந்த வலப்பக்க மூலையில் நிறுத்தினோம். நுழைவாயில் பக்கம் இருந்து வருபவருக்குக் குழாய் முதலில் தெரியும், அதன் பின்னணியில் வாசகம்.

எழுத்து அளவுக்குப் பொதுவாக ஒரு கணக்கு உண்டு. பத்தடிக்கு ஒரு அங்குல உயரம். தமிழுக்கு இது போதாது என்பது என் அனுபவம். "தண்ணீர்" என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். "ண்"ணின் மூன்று சுழியும் தூரத்தில் ஒட்டிக்கொள்ளும். "ணீ"யின் மேல்சுழி மேலே வளையும். புள்ளிகள் மறைந்துபோகும். மெலிந்த எழுத்துரு எடுத்தால் சுழி தெரியும், ஆனால் நிற்காது. மிகத் தடித்ததை எடுத்தால் சுழியின் கண் அடைந்துபோகும். நடுத்தரத் தடிமனில், உடல் உயரம் பதினெட்டு சென்டிமீட்டராக வைத்து, இரண்டு வரியாகப் பிரித்தோம். "ஏற்றிய தண்ணீர்" மேலே, "இறங்காது" கீழே. மேல்வரியின் "ற்றி" கீழேயும் கீழ்வரியின் "ங்" மேலேயும் நீட்டுவதால் வரி இடைவெளியை ஆங்கில எழுத்துக்கு விடுவதைவிட அதிகமாக விட்டோம். வெள்ளைச் சுவர், கருநீல எழுத்து, நிழல் இல்லை, ஓரக்கோடு இல்லை. அச்சடிப்பதற்கு முன் ஒரு துண்டை முழு அளவில் அடித்து, பட்டறைச் சுவரில் ஒட்டி, நாற்பதடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். புள்ளி தெரியவில்லை. புள்ளியை மட்டும் தனியே பெரிதாக்கச் சொல்லி வரைந்தவரிடம் திருப்பி அனுப்பினேன்.

இந்தக் கட்டத்தில்தான் முதலாளிக்கும் எனக்கும் உரசல். "காசு கட்டி எடுத்த இடம் தம்பி. சுவர வெள்ளையா விட்டா என்ன அர்த்தம்? பதினாலு சரக்கு இருக்கு. என் பேரு எங்க?" என்றார். சரக்கு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் பெயர் விஷயத்தில் அவர் சொன்னது நியாயம். தண்ணீர் இறங்காது என்று மட்டும் எழுதினால் பக்கத்து ஊர் வால்வுக்காரருக்கும் அது விளம்பரம்தான். முகப்புப் பலகையில் இருக்கும் பெயரை நம்ப முடியாது. எல்லா ஸ்டாலுக்கும் ஒரே எழுத்தில், ஆங்கிலத்தில் போட்டிருப்பார்கள், யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஆகவே பெயரைக் கண் எப்படியும் போகிற இடத்தில் வைத்தோம். சிவப்புக் கோட்டின் நுனியில் ஒரு அம்புப் பலகை, அதில் பெயர். கீழே வால்வின் உடம்பில் வார்ப்பிலேயே இருந்த பெயர் எழுத்துக்களுக்குச் சிவப்பு வண்ணம். பந்தைப் பார்ப்பவர் பெயரையும் பார்ப்பார், அடியில் சொட்டுகிறதா என்று குனிபவரும் பார்ப்பார்.

குறுக்கு மேசையை எடுத்து இடப்பக்கச் சுவரோரம் ஒதுக்கினோம். அதில் மூன்றே வால்வுகள், ஒன்று பாதியாக அறுத்து உள்ளே மூடியும் ரப்பரும் தெரிகிற மாதிரி. ஐ.எஸ். 10805 முத்திரை, உத்தரவாத விவரம், விலை எல்லாம் இங்கேதான், கைக்கெட்டும் தூரத்தில், சின்ன எழுத்தில். விவசாயப் பம்புகளின் உறிஞ்சு குழாய் வால்வுக்கான தர எண் அது. கடைக்காரர்கள் தேடிப் பார்ப்பார்கள், ஆனால் நடந்து போகிறவரை அந்த எண் நிறுத்தாது.

மூன்று நாள்

வெள்ளிக்கிழமை காலை வந்தவர்களுக்குக் குழாய் ஒரு வேடிக்கைப் பொருள்தான். காலையில் கோடு போட்ட தண்ணீர் பத்து மணிக்கு அங்கேயே நிற்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சனிக்கிழமைதான் அது பேச ஆரம்பித்தது. ஸ்டாலில் நின்ற பையன்களிடம் ஒரு நோட்டைக் கொடுத்திருந்தேன். உள்ளே வருபவர் சொல்லும் முதல் வாக்கியத்தை அப்படியே எழுத வேண்டும், வேறு எதுவும் வேண்டாம். சனிக்கிழமைப் பக்கங்களில் "எத்தனை நாளா நிக்குது?", "உள்ள சோப்பு கீப்பு போட்டிருக்கீங்களா?", "நேத்து ஊத்துனதா இது?" என்று திரும்பத் திரும்ப வருகிறது. "என்ன கம்பெனி" என்ற கேள்வி மிகச் சில இடங்களில்தான். இந்த நோட்டைத்தான் நான் மற்ற எந்தக் கணக்கையும்விட நம்புகிறேன். எத்தனை பேர் வந்தார்கள் என்பது கூட்டத்தின் அளவு. முதல் வாக்கியம்தான் வாக்குறுதி போய்ச் சேர்ந்ததா என்பதன் அளவு.

அன்று மதியம் திருவையாற்றுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். தோளில் துண்டு. குழாயைச் சுற்றி வந்தார், செய்தித்தாளைத் தொட்டுப் பார்த்தார், அப்புறம் மேலே பார்த்தார்.

"மேல அடைச்சிருக்கியா தம்பி?"

நல்ல கேள்வி. ஒரு குழாயின் மேல்வாயைக் கட்டைவிரலால் மூடினால் அடியில் வால்வே இல்லாவிட்டாலும் தண்ணீர் விழாது. மேலே காற்றுப் புகாமல் அடைத்துவிட்டால் எந்த ஓட்டை வால்வும் மூன்று நாள் தண்ணீரைப் பிடித்து நிற்கும். ஒத்திகையின்போது தூசி விழாமல் இருக்க மூடி போடலாம் என்று பேச்சு வந்தபோது இதனால்தான் மறுத்தேன். கொசுவலைத் துண்டு மட்டும் கட்டியிருந்தோம். பெரியவருக்கு ஸ்டூலைப் போட்டுக் கொடுத்தார் முதலாளி. ஏறி வலையை விலக்கி, விரலை விட்டுத் தண்ணீரைத் தொட்டு, சட்டையில் துடைத்துக்கொண்டு இறங்கினார். "தொறந்துதான் இருக்கு" என்று சுற்றி நின்றவர்களிடம் அவர்தான் சொன்னார். அதற்கு மேல் எங்கள் ஆட்கள் விளக்கம் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அதன் பிறகு ஸ்டூலை அங்கேயே விட்டுவைத்தோம்.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வந்தது. "எட்டடித் தண்ணிதானே, எங்க கிணறு இருபதடி." இதற்குப் பதில் பலருக்கு ஆச்சரியமாக இருந்தது. வால்வின் மூடியை இருக்கையோடு அழுத்துவது மேலே நிற்கும் தண்ணீரின் எடைதான். உயரம் கூடக்கூட ரப்பர் இன்னும் அழுந்தி உட்காரும். உயரம் குறைவாக இருக்கும்போதுதான் ஒழுக வாய்ப்பு அதிகம். ஆக எட்டடி இருபதடியைவிடக் கடினமான சோதனை. இதை அறுத்து வைத்த வால்வின் மூடியைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடுகிறது.

தப்பும் நடந்தது. நாங்கள் நிறுத்தியது சல்லடை வைத்த ஃபுட் வால்வு. ஃபில்டர் பாயிண்ட் வைத்திருப்பவர்கள் பலர் சல்லடையைப் பார்த்ததுமே "இது குளத்துக்குப் போடறது, நமக்கில்ல" என்று நகர்ந்துவிட்டார்கள். போருக்குள் ஃபுட் வால்வு இறங்காது. அவர்களுக்கு வேண்டியது மேலே மாட்டும் வகை. அதையும் இதே பட்டறைதான் செய்கிறது, மேசை மேல் இருந்தது, ஆனால் மூன்று வினாடியில் அது யார் கண்ணிலும் படவில்லை. காவிரிக் கரையில், மணற்பாங்கான ஊர்களில் ஃபில்டர் பாயிண்ட்காரர்கள் எவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தும் எனக்கு இது தோன்றாமல் போனது. சனிக்கிழமை ராத்திரியே பட்டறையில் மீதியிருந்த அக்ரிலிக் துண்டில் நான்கடிக்கு இன்னொரு குழாய் செய்து, இடுப்பு உயரத்தில் ஒருவழி வால்வை வைத்து, பெரிய குழாய்க்குப் பக்கத்தில் நிறுத்தி "போருக்கு" என்று ஒரு சொல் எழுதினோம். பெரியதில் "குளத்துக்கு, கிணற்றுக்கு" என்று எழுதினோம். ஞாயிற்றுக்கிழமை நோட்டில் "நமக்கில்ல" என்ற சொல் வரவில்லை.

மண்ணைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என்ன சொல்வது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஒரு பையன் ஆர்வத்தில், "மண்ணு சிக்கினாலும் இறங்காது" என்று சொல்லிவிட்டான். கேட்டவர் கேட்டுக்கொண்டு போய்விட்டார். நான் அவனைத் தனியே கூப்பிட்டு, உதிரி வால்வில் ஒரு சிட்டிகை ஆற்று மணலை இருக்கையில் தூவித் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். சொட்டியது. எந்த வால்வும் சொட்டும். அதன் பிறகு அவன் சொன்னது, "மண்ணு உக்காந்தா சொட்டும் ஐயா, கழட்டிக் கழுவி மாட்டணும், ரப்பர் மட்டும் தனியா கிடைக்கும்." இந்தப் பதிலுக்குப் பிறகும் ஆட்கள் மேசைப் பக்கம் வந்தார்கள். மண் சிக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்த விஷயம். சிக்காது என்று சொல்லியிருந்தால்தான் குழாயையும் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

ஞாயிறு சாயங்காலம் பந்து சிவப்புக் கோட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே இருந்தது. மே மாத வெயில், திறந்த வாய், ஆவியாகத்தான் போயிருக்கும். மேலே கொஞ்சம் ஊற்றிவிடலாமா என்று மகன் கேட்டார். வேண்டாம் என்றார் முதலாளி. செய்தித்தாள் காய்ந்தே இருந்தது. ஓரம் மட்டும் பலர் தொட்டுத் தொட்டுக் கசங்கியிருந்தது.

கடைக்காரர்கள் சிலர் இதே மாதிரி ஒன்றைத் தங்கள் கடை மேசையில் வைக்கக் கேட்டார்கள். எட்டடி அங்கே நிற்காது, இரண்டடிதான் முடியும். இரண்டடியில் செய்து பார்த்தோம். நான்கில் ஒன்று சொட்டுகிறது. ரப்பரை அழுத்தும் எடை போதவில்லை. முதலாளி இப்போது கொஞ்சம் மெத்தென்ற ரப்பரை வரவழைத்து ஒவ்வொரு வால்வாக மாட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பட்டறையின் பின்சுவரோரம் ஐந்து இரண்டடிக் குழாய்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு செய்தித்தாள்.